பெயர் யோசிக்கும் முன் பெயர்களை எண்ணுங்கள்: ஹட்டனில் ஒரு கேக் கடையை வைத்து ஒரு முழு ஆய்வு

ஹட்டன் பக்கம் புதிதாகக் கேக் கடை வைக்கப் போகிறவரிடம் என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குலதெய்வத்தின் பெயர் வரும், இல்லாவிட்டால் பிள்ளையின் பெயர் வரும், அதுவும் இல்லாவிட்டால் 'ஸ்வீட்' என்று தொடங்கும் ஏதோ ஒன்று வரும். எதிலும் தப்பில்லை. சிக்கல் என்னவென்றால், அதே டவுனில் ஏற்கனவே கடை போட்டவர்களும் அந்த மூன்று இடங்களிலிருந்துதான் பெயரை எடுத்திருப்பார்கள். பலகை எழுதி, பெட்டி அச்சடித்து, பேஸ்புக் பக்கமும் திறந்த பிறகு, "ஓ, ஸ்டேஷன் பக்கத்துல இருக்கே, அந்தக் கடைதானே?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

இந்த வழிகாட்டி பெயர் கண்டுபிடிப்பதைப் பற்றியது அல்ல. அதற்கு முந்திய வேலையைப் பற்றியது: ஊரில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன, அவை எங்கே குவிந்து கிடக்கின்றன, எந்த இடம் காலியாக இருக்கிறது, அந்தக் காலியிடத்தில் உண்மையிலேயே உட்கார முடியுமா என்று பார்ப்பது. ஒரு வாரம் மாலை நேரங்களில் செய்தால் முடிகிற வேலை. விளக்குவதற்காக, டிக்கோயாவில் வீட்டில் கேக் செய்து விற்றுவந்த ஒரு பெண் ஹட்டன் டவுனில் சின்னதாகக் கடை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் பட்டியலும் எண்களும் மாதிரிக்காக நான் அமைத்தவை, எந்தக் கடையையும் குறிப்பவை அல்ல. உங்கள் ஊரில் எண்ணினால் வேறு கணக்கு வரும். முறை மட்டும் இதுதான்.

எல்லையை பஸ் ரூட்டை வைத்துப் போடுங்கள்

முதல் கேள்வி, யார் யார் உங்கள் போட்டியாளர்கள் என்பது. வரைபடத்தில் கடையை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுகிற பழக்கம் சமவெளிக்குச் சரி. மலையகத்தில் அது ஏமாற்றிவிடும். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் தோட்டத்துக்கு ஒரு மலையைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அதைவிடத் தூரத்தில் தெரியும் ஊரிலிருந்து நேராக ஒரே பஸ்ஸில் வந்து இறங்கலாம்.

அதனால் பஸ்ஸை வைத்துப் பாருங்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய கடைத்தெரு என்றால் ஹட்டன்தான். கொட்டகலையும் பக்கம். தலவாக்கலைக்காரருக்கு இரண்டு வழி இருக்கிறது, ஹட்டனுக்கும் வரலாம், நுவரெலியாவுக்கும் போகலாம். கினிகத்தேனைப் பக்கம் இருப்பவர் நாவலப்பிட்டிக்கே போய்விடக்கூடும். ஆக உங்கள் சந்தை வட்டமாக இருக்காது, கிளை கிளையாகப் பிரியும்.

பொருளும் எல்லையை மாற்றும். ரிப்பன் கேக்கோ பட்டர் கேக்கோ பெட்டியில் போட்டுக் கட்டினால் எவ்வளவு தூரமும் போகும். ஐசிங் போட்ட இரண்டு தட்டுப் பிறந்தநாள் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு இந்த வளைவுகளில் பஸ்ஸில் போனவருக்குத் தெரியும், அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று. கல்யாணத்துக்கு 'ஸ்ட்ரக்சர்' செய்பவர்கள் மட்டும் வேன் பிடித்துத் தொலைவிலிருந்தும் வந்து வைத்துவிட்டுப் போவார்கள். எனவே பிறந்தநாள் கேக்குக்கு ஒரு போட்டிப் பட்டியல், கல்யாணக் கேக்குக்கு இன்னொன்று. எது உங்கள் வருமானத்தில் பெரும்பகுதியோ அதற்கு முதலில் செய்யுங்கள். நம் உதாரணத்தில் அது பிறந்தநாள் கேக்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரை, ஹட்டன் வழியாக ஏராளமான யாத்திரிகர்கள் போவார்கள். அவர்களை நம்பி ஷோர்ட் ஈட்ஸ் விற்கிற கடை வேறு, வருஷம் முழுக்க ஊர்க்காரர்களுக்குக் கேக் ஓடர் எடுக்கிற கடை வேறு. வழிப்போக்கர் பலகையைப் பார்த்து உள்ளே வருவார். ஊர்க்காரர் பெயரைக் கேட்டு, ஞாபகம் வைத்து, இன்னொருவருக்குப் போனில் சொல்லுவார். நமக்கு வேண்டியது இரண்டாவது ரகம். அதனால் இந்த ஆய்வு முழுவதிலும் பலகையில் எப்படித் தெரிகிறது என்பதைவிட வாயில் எப்படி வருகிறது என்பதற்கே அதிக மதிப்பு கொடுக்கப் போகிறோம்.

பெயர்களைச் சேர்ப்பது

தெருவில் நடப்பதுதான் முதல் வேலை. பிரதான வீதியின் இரண்டு பக்கமும், பஸ் தரிப்பிடத்தைச் சுற்றியும், ஸ்டேஷன் பக்கமும் நடந்து பெயர்ப்பலகைகளைப் போனில் படம் எடுங்கள். எழுதிக்கொண்டு நிற்காதீர்கள். நேரமும் போகும், பலகையின் நிறமும் எழுத்துருவும் மொழிகளின் வரிசையும் விட்டுப்போகும். பூட்டிக் கிடக்கும் கடையின் பழைய பலகையையும் எடுங்கள், அது பிறகு உதவும். ஓட்டோவின் பின்னால் ஒட்டிய விளம்பரம், பலசரக்குக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக் பொதியின் லேபிள், இவையும் பெயர்கள்தான்.

அடுத்தது கூகுள் மேப்ஸ். இங்கே பலர் ஒரு மொழியில் மட்டும் தேடிவிட்டு முடித்துவிடுவார்கள். மூன்று மொழியிலும் தனித்தனியாகத் தேட வேண்டும்:

```
cake Hatton
ஹட்டன் கேக்
හැටන් කේක්
```

வரைபடத்தை ஹட்டனில் நன்றாகப் பெரிதாக்கி வைத்துத் தேடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தையும் திரையில் தெரியும் பரப்பையும் பொறுத்து முடிவுகள் மாறும். பிறகு வரைபடத்தை டிக்கோயா, நோர்வூட் என்று நகர்த்தி அதே தேடலைத் திரும்பச் செய்யுங்கள். நிரந்தரமாக மூடப்பட்டது என்று காட்டும் கடைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பேஸ்புக். கேக் விஷயத்தில் பாதிப் போட்டி இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் வீட்டில் செய்கிறவர்களுக்குப் பலகை கிடையாது. ஒரு பக்கம் கிடைத்ததும் அதன் `Page transparency` பகுதியைத் திறந்து பாருங்கள். பக்கம் எப்போது தொடங்கியது, பெயர் எப்போதாவது மாறியதா என்று அதில் இருக்கும். பெயரை மாற்றிய பக்கம் கிடைத்தால் அது நல்ல தடயம். பழைய பெயர் ஏன் சரிவரவில்லை என்று யோசித்துப் பார்க்கலாம், முடிந்தால் அவரிடமே கேட்கலாம்.

நான்காவதுதான் பலரும் விட்டுவிடுவது: ஆட்களிடம் கேட்பது. பத்துப் பன்னிரண்டு பேரிடம், பெயர் எதுவும் எடுத்துக் கொடுக்காமல், ஒரே கேள்வி: "பிள்ளைக்குப் பிறந்தநாள்னா கேக் யாருகிட்ட எடுப்பீங்க?" முதலில் வாயில் வருவதை அப்படியே எழுதுங்கள். "நம்ம டீச்சரம்மா செய்வாங்களே" என்று வந்தால் அப்படியே. "பேங்க் பக்கத்து பேக்கரி" என்று வந்தால் அதையும் அப்படியே. பலகையில் இருக்கும் பெயர் யார் வாயிலும் வரவில்லை என்றால், அந்தக் கடை பெயரால் அல்ல, இடத்தாலோ ஆளாலோ அறியப்படுகிறது. அப்படிப்பட்ட கடையின் பெயர் பலகையில் பெரிதாக இருந்தாலும் மக்கள் மனதில் அந்த இடம் ஏறக்குறையக் காலிதான். இதற்கு நேர்மாறாக, பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் ஒரே பெயரைச் சொன்னால், அந்த ஒரு பெயர் பேஸ்புக்கில் தூங்கும் இருபது பக்கங்களைவிடக் கனமானது. தமிழ் பேசுபவர், சிங்களம் பேசுபவர், முஸ்லிம் குடும்பங்கள் என்று கலந்து கேளுங்கள். தோட்டத்தில் இருப்பவர்களையும் டவுனில் இருப்பவர்களையும் கேளுங்கள். ஒரே லயத்தில் பன்னிரண்டு பேரிடம் கேட்டால் ஒரே பதில் பன்னிரண்டு தடவை வரும்.

எத்தனை பெயர் சேர்த்தால் போதும்? கடைசியாகச் சேர்த்த பத்துப் பெயரில் ஒன்றுகூடப் புது ரகமாக இல்லை என்றால் நிறுத்தலாம். ஹட்டன் அளவு டவுனில் ஒரு தொழிலுக்கு முப்பது நாற்பதுக்குள் அந்த நிலை வந்துவிடும்.

பட்டியலைத் தாளில் போடுவது

கூகுள் ஷீட்டில் ஏழு நிரல்கள் போதும். A-யில் பலகையில் உள்ளபடி பெயர், எத்தனை மொழியில் இருக்கிறதோ அத்தனையும். B-யில் மக்கள் வாயில் வரும் பெயர். C-யில் பெயரின் தலை, D-யில் வால். E-யில் வகை. F-இல் நிலை: நடக்கிறது, மூடியது, ஓய்ந்தது. ஒரு வருஷமாகப் புதுப் பதிவு எதுவும் இல்லாத பேஸ்புக் பக்கத்தை 'ஓய்ந்தது' என்று போடுங்கள். G-யில் பலகைக் கடையா, வீட்டுக் கடையா என்பது.

தலை, வால் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடைப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு துண்டாக உடையும். 'பேக்கரி', 'கேக்ஸ்', 'கேக் ஹவுஸ்', 'வெதுப்பகம்', 'கிச்சன்' எல்லாம் வால்கள். என்ன தொழில் என்று சொல்வது வால். எந்தக் கடை என்று சொல்வது தலை. வால் ஒரே மாதிரி இருப்பதால் ஆபத்து குறைவு, சொல்லப்போனால் தெரிந்த வால் நல்லதுதான், என்ன விற்கிறீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை. குழப்பம் தலையில்தான் வரும். ஆகவே எண்ணும்போது தலைகளைத் தனியாக எண்ணுங்கள். முழுப் பெயராகப் பார்த்தால் நாற்பதும் நாற்பது விதமாகத் தெரியும், தலையை மட்டும் பார்த்தால் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும்.

தலையை எழுத்தால் பார்க்காமல் ஒலியால் பாருங்கள். பலகையில் `Luxmi`, `Lakshmi`, `Laxmi` என்று மூன்று விதமாக எழுதியிருந்தாலும் வாயில் ஒன்றுதான், அதை ஒரே தலையாக எண்ணுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் வேறு வேறாகத் தெரியும் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும், ஏனென்றால் நமக்குப் 'ப' ஒன்றுதான். ஒவ்வொரு தலையையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பாருங்கள். இரண்டு தலைகள் எந்த மொழியில் ஒன்றாகத் தெரிந்தாலும், அவற்றைச் சுற்றியுள்ள ஒலி உங்களுக்கு ஆகாது.

வகை போடும்போது அதிகம் யோசித்துக் குழம்ப வேண்டாம். தெய்வம், ஆள் பெயர், பெருமை (நியூ, ரோயல், சிட்டி, ஸ்டார் போன்றவை), இனிப்பு (ஸ்வீட், சுகர், யம்மி), கனவு (மேஜிக், ட்ரீம், ஹெவன்), இடம். இவற்றில் அடங்காதது வந்தால் புது வகை திறவுங்கள். ஒரு பெயர் இரண்டு வகையில் விழுந்தால், கேட்டவுடன் முதலில் மனதில் எது நிற்கிறதோ அதில் போடுங்கள். பிறகு எண்ணுவதற்கு:

```
=COUNTIF(E:E,"தெய்வம்")
=COUNTIFS(E:E,"இனிப்பு",F:F,"ஓய்ந்தது")
```

மாதிரிப் பட்டியலை வாசிப்பது

நம் மாதிரியில் மொத்தம் 36 பெயர்கள் கிடைத்தன என்று வையுங்கள். அதில் 14 டவுனில் பலகையோடு இருக்கும் பேக்கரிகள், 22 வீட்டிலிருந்து செய்பவர்களின் பேஸ்புக் பக்கங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எண்ணினால் ஆள் பெயர் 12, இனிப்பு 10, தெய்வம் 5, பெருமை 4, கனவு 3, இடம் 2. இந்த நிலையில் பார்த்தால் பெரிதாக எதுவும் புரியாது. ஏதோ எல்லாம் கலந்து கிடப்பது போலத்தான் தெரியும்.

பலகைக் கடைகளையும் வீட்டுக் கடைகளையும் பிரித்து எண்ணுங்கள். படம் மாறிவிடும். தெய்வம் 5, பெருமை 4, இரண்டும் முழுக்கப் பலகைக் கடைகளில். இனிப்பு 10, கனவு 3, இரண்டும் முழுக்க வீட்டுக் கடைகளில். ஆள் பெயர் மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது: பலகையில் 4, வீட்டில் 8. இடம் பக்கத்துக்கு ஒன்று. அதாவது ஹட்டனில் ஒரு பெயரைக் கேட்டவுடனே அது பழைய பேக்கரியா, வீட்டில் செய்கிற ஆளா என்று ஒருவர் ஊகித்துவிடுவார். தெய்வப் பெயர் என்றால் பாண், பணிஸ், ரோல்ஸ், கண்ணாடிப் பெட்டி. 'ஸ்வீட்' என்றால் போனில் ஓடர், இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும்.

நம் பெண் திறக்கப் போவது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கடை. நேரில் வந்து பார்க்கலாம், ஆனால் பாண் கிடையாது, கேக் மட்டும். அப்படியானால் தெய்வப் பெயர் வைத்தால் காலையில் பாண் கேட்டு ஆட்கள் வருவார்கள். இனிப்புச் சொல் வைத்தால் கடை இருப்பதே பலருக்குத் தெரியாது, இன்னும் வீட்டில்தான் செய்கிறார் என்று நினைப்பார்கள். இரண்டு குவியலும் அவருக்கு ஆகாது என்பது விருப்பு வெறுப்பால் வந்த முடிவல்ல. அந்தப் பெயர்கள் ஏற்கனவே வேறொரு கடையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அடுத்து நிலையைப் பாருங்கள். 22 பக்கங்களில் 9 ஓய்ந்துவிட்டன: இனிப்பு 10-இல் 6, கனவு 3-இல் 2, ஆள் பெயர் 8-இல் 1. உடனே "ஸ்வீட் என்று வைத்தால் கடை நிலைக்காது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வெளிநாட்டுக்குப் போயிருப்பார், பிள்ளை பிறந்திருக்கும், மாவு விலை ஏறியதில் கைவிட்டிருப்பார். பெயர்தான் காரணம் என்று இந்த எண்ணிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: 'ஸ்வீட்' என்று தேடுகிற வாடிக்கையாளருக்குப் பத்தில் ஆறு தடவை பதில் வராத பக்கம் கிடைக்கிறது. அந்தச் சொல்லைத் தொட்டால் அந்த எரிச்சலையும் சேர்த்து நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள்.

ஆள் பெயர் ஏன் அதிகம் தங்குகிறது என்பதை B நிரலில் பாருங்கள். மக்கள் வாயில் "டீச்சரம்மா", "அக்காகிட்ட" என்றுதான் வந்திருக்கும். கேக் விஷயத்தில் நம்பிக்கை ஆள்மேல்தான் வைக்கிறார்கள். நம் பெண்ணுக்கு ஏற்கனவே டிக்கோயாவில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அவர் பெயர் தெரியும். ஆக ஆள் பெயரை முற்றாக ஒதுக்கவும் முடியாது. கூட்டம் அதிகமான வகைதான், ஆனாலும் அவரிடம் உண்மையான சொத்து இருக்கிற ஒரே வகையும் அதுதான். இந்த முரணை இப்போது தீர்க்க வேண்டியதில்லை, குறித்து வைத்தால் போதும்.

காலியிடம் ஏன் காலி?

பட்டியலில் எது இல்லை என்று பார்ப்பது கடினம், இருப்பதைப் பார்ப்பதுதான் கண்ணுக்குப் பழக்கம். ஒரு வழி சொல்கிறேன். கேக்கைப் பற்றி ஒருவர் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் எழுதுங்கள்: யார் செய்தது, எங்கே, எதனால், எப்படி, எதற்காக, எப்போது, சாப்பிட்டால் எப்படி இருக்கும். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பெயர் பதில் சொல்கிறது என்று பாருங்கள். மாதிரியில் 'யார்' என்பதற்கும் 'எப்படி இருக்கும்' என்பதற்கும் கூட்டம். 'எங்கே' என்பதற்கு இரண்டே இரண்டு. 'எதனால்', 'எப்படிச் செய்தது', 'எதற்காக', 'எப்போது' ஆகியவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே மூன்று காலியிடங்களை எடுத்துப் பார்ப்போம்: மலை, மூடுபனி, தேயிலை போன்ற ஊர்க் காட்சி; பிறந்தநாள், வைபவம் போன்ற சந்தர்ப்பம்; பட்டர், கஜு, கராம்பு, போறணை போன்ற பொருளும் செய்முறையும்.

இடம் காலியாக இருக்கக் காரணங்கள் மூன்று. யாருக்கும் தோன்றாமல் இருந்திருக்கலாம். யாரோ முயன்று, பெயர் கெட்டு மூடியிருக்கலாம். அல்லது மக்கள் அந்தச் சொல்லை வேறொரு தொழிலுக்குக் கொடுத்துவிட்டிருக்கலாம். முதலாவது மட்டும்தான் உங்களுக்கு வேண்டிய காலியிடம்.

ஊர்க் காட்சியை எடுத்துக்கொள்வோம். கேக் பட்டியலில் இரண்டுதான், சரி. அதே கூகுள் மேப்ஸில் ஹட்டனில் தங்குமிடங்களையும் தேயிலை விற்பனை நிலையங்களையும் தேடிப் பாருங்கள். எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தடவை தேடினால் இன்னும் தெளிவாகத் தெரியும்: 'வியூ', 'ஹில்', 'மிஸ்ட்', 'கிரீன்' என்று வரிசையாக வரும். அந்தச் சொற்கள் சுற்றுலாக்காரருக்கான அறைக்கென்று ஆகிவிட்டன. தோட்டப் பெயர்களிலும் கவனம் வேண்டும். பல தோட்டப் பெயர்கள் கொழும்புத் தேயிலை ஏலத்தில் விற்கப்படும் தேயிலையின் விற்பனைக் குறிகளாகவும் இருக்கின்றன. ஊர்க்காரர் என்ற உரிமையில் எடுத்து வைத்தால் பின்னால் கடிதம் வரக்கூடும். ஆக இந்த இடம் கேக் பட்டியலில் மட்டும்தான் காலி. பக்கத்துத் தொழில்களைப் பார்க்காமல் ஆய்வை முடிப்பவர்கள் விழுவது இங்கேதான்.

சந்தர்ப்பம் என்பது யாரும் எடுக்காத இடம்தான், ஆனால் ஒடுங்கியது. பிறந்தநாளைச் சொல்லும் பெயரை வைத்துக்கொண்டு சாமத்திய வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் கிறிஸ்மஸ் ரிச் கேக்குக்கும் எப்படி ஓடர் எடுப்பது? வருமானம் முழுக்கப் பிறந்தநாளிலிருந்து வந்தால் பரவாயில்லை. இரண்டு வருஷத்தில் ஸ்ட்ரக்சர் செய்யும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

பொருளும் செய்முறையும் இன்னொரு மாதிரி. இந்த வகைச் சொற்களில் சில தமிழருக்கும் சிங்களவருக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒலியில் தெரிந்தவை. கஜு இரண்டு பக்கமும் கஜுதான். போறணையைச் சிங்களத்தில் போரணுவ என்பார்கள். பலகையில் மூன்று மொழியிலும் எழுதும்போது பெயர் சிதையாது. இந்த வகையில் தெய்வப் பெயரின் பாண் வாசமும் இல்லை, இனிப்புச் சொல்லின் பேஸ்புக் வாசமும் இல்லை. ஒரு தொல்லை உண்டு: சொன்னதைச் செய்தாக வேண்டும். பெயரில் பட்டர் இருந்தால் மார்ஜரின் போட முடியாது. போறணை என்று வைத்துவிட்டு மின் அவனில் சுட்டால் ஊர் சிரிக்கும். முட்டை சேர்க்காத கேக் என்பதைப் பெயரிலேயே வைக்க நினைப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான், பிறகு முட்டைக் கேக் ஓடரை எடுக்கவே முடியாது.

காலியிடத்தைச் சோதிக்க இரண்டு வழி. முதலாவது, பக்கத்துச் சந்தையைப் பார்ப்பது. பண்டாரவளையிலோ கண்டியிலோ நுவரெலியாவிலோ அதே வகைப் பெயரோடு ஒரு கேக் கடை நடக்கிறதா? நடந்தால் மக்கள் அந்த வகையை வெறுக்கவில்லை என்று தெரியும். எங்குமே இல்லை என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஹட்டனில் பூட்டிக் கிடக்கும் பலகைகளைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அதே வகையில் ஒன்று மூடிக் கிடந்தால், பக்கத்துக் கடைக்காரரிடம் காரணத்தை விசாரியுங்கள்.

இரண்டாவது, போனில் சொல்லிப் பார்ப்பது. ஒவ்வொரு காலியிடத்துக்கும் ஒரு தற்காலிகப் பெயர் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. உறவினர் ஒருவருக்கு எடுத்து, பேச்சோடு பேச்சாக, "நேற்று இன்ன இடத்தில சொல்லி வச்சிருக்கேன், நாளைக்கு எடுக்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள். கேக் என்று சொல்லாதீர்கள். அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். "என்ன, ரூம் போடுறீங்களா?" என்று கேட்டால் அந்தச் சொல் தங்குமிடத்துக்குப் போய்விட்டது. "என்னாது?" என்று இரண்டு தடவை கேட்டால் ஒலி பிரச்சினை. மறுநாள் எடுத்து அந்தப் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிங்களம் பேசும் நண்பர்களிடமும் இதையே செய்யுங்கள். நான்கைந்து பேரிடம் செய்தாலே எந்த வகை நிற்கிறது, எது வழுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

பதிவேடுகளில் இருக்கும் பெயர்கள்

தெருவில் இல்லாத பெயர் பதிவேட்டில் இருக்கலாம். இலங்கையில் மூன்று வேறு இடங்கள் இருக்கின்றன, ஒன்றில் கிடைத்த அனுமதி மற்றதற்குப் பொருந்தாது. தனியாள் அல்லது பங்காளர் வியாபாரத்தின் பெயரை உங்கள் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவு செய்வார்கள். இது மாகாண மட்டத்து விஷயம். ஹட்டன் மத்திய மாகாணம், பண்டாரவளை ஊவா. கம்பனியாகப் பதிவு செய்தால் 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவாளர் திணைக்களம். அதன் `eroc.drc.gov.lk` தளத்தில் பெயர் தேடிப் பார்க்கலாம். வியாபாரக் குறி என்றால் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகம்.

இந்தக் கட்டத்தில் தேட வேண்டியது உங்கள் பெயரை அல்ல, அது இன்னும் பிறக்கவே இல்லை. தேட வேண்டியது காலியிடத்தின் முக்கியமான சொற்களை. கேக் வருவது வியாபாரக் குறியின் 30-ஆம் வகுப்பில், சாப்பாட்டுக் கடைச் சேவை 43-இல். அந்த இரண்டு வகுப்பில் எதிலாவது அந்தச் சொல் பெரிய நிறுவனம் ஒன்றின் குறியாக இருந்தால், ஹட்டனில் அது எவ்வளவு காலியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு இருப்பதால் அந்தப் பெயர் எனக்கே சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். அது இன்ன பெயரில் இன்னார் தொழில் செய்கிறார் என்பதற்கான பதிவுதான், குறி உரிமை ஆகாது.

யோசிக்க உட்காரும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்

இவ்வளவும் கடைசியில் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். நம் உதாரணத்துக்கு அது இப்படி இருக்கும்:

கடை: ஹட்டன் டவுனில் கேக் மட்டும், நேரில் வரலாம், ஓடரும் எடுப்போம். பாண் இல்லை. வாடிக்கையாளர்: ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை. தமிழும் சிங்களமும்.

தொடக்கூடாத தலைகள்: தெய்வப் பெயர்கள், நியூ, ரோயல், சிட்டி, ஸ்டார், ஸ்வீட், சுகர், யம்மி, ட்ரீம், மேஜிக். மலை, மூடுபனி, தேயிலைச் சொற்களும் தோட்டப் பெயர்களும் வேண்டாம்.

தொடக்கூடாத ஒலி: ஆட்களிடம் கேட்டபோது அதிகம் பேர் சொன்ன அந்த ஒரு பேக்கரியின் முதல் இரண்டு அசைகள். அதற்குக் கிட்ட வரும் எதுவும் வேண்டாம், எவ்வளவு நல்ல பெயராக இருந்தாலும்.

வால்: 'கேக்ஸ்' அல்லது 'கேக் ஹவுஸ்'. 'பேக்கரி' வேண்டாம், பாண் கேட்டு வருவார்கள்.

தேட வேண்டிய இடம்: பொருளும் செய்முறையும். போனில் ஒரே தடவையில் புரிய வேண்டும், மூன்று அசைக்குள் இருந்தால் நல்லது, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மாதிரி எழுத வர வேண்டும். பெயரில் எந்தப் பொருள் இருக்கிறதோ அது ஒவ்வொரு கேக்கிலும் இருக்க வேண்டும்.

தீராத கேள்வி: டிக்கோயா வாடிக்கையாளர்களுக்கு ஆள் பெயர்தான் அடையாளம். அதைப் பெயரில் சேர்ப்பதா, பலகையின் கீழே சிறிதாக எழுதுவதா?

தாளை மேசையில் வைத்துவிட்டுப் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். எழுதும்போது தடைப் பட்டியலைப் பார்க்காதீர்கள், வருவதெல்லாம் வரட்டும். நாற்பது ஐம்பது பெயர் சேர்ந்த பிறகு தாளோடு ஒப்பிட்டு அடியுங்கள். அடிபடாமல் ஐந்தாறு தேறினால் ஆய்வு சரியாக நடந்திருக்கிறது. ஒன்றுமே அடிபடவில்லை என்றால் தடைப் பட்டியல் பலவீனமானது, திரும்பத் தெருவில் நடக்க வேண்டும். கடை திறக்க ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தால் பேஸ்புக் தேடலை மட்டுமாவது இன்னொரு தடவை செய்யுங்கள், புதுப் பக்கங்கள் முளைத்திருக்கும்.